டிவி மாட்ட ஹவுஸ் ஓனருக்கு லெட்டர்: ஓட்டை எத்தனை, ஒயர் எந்த வழி

கேள்வி: திருச்சியில் வாடகைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் சின்ன கஃபே வைத்திருக்கிறேன். கவுன்டருக்கு எதிர்ச்சுவரில் 55 இன்ச் டிவி மாட்ட ஆசை. அந்தச் சுவருக்குப் பின்னால் மாடிப்படி. கரண்ட் பாயிண்ட் கவுன்டர் பக்கம்தான், சுமார் 20 அடி தள்ளி. சுவரைக் கொத்தி ஒயரை மறைத்துவிடலாம், மொட்டை மாடியில் டிஷ் வைக்கலாம் என்று நினைக்கிறேன். மேல்மாடியில் குடியிருக்கும் ஓனரிடம் கேட்டதற்கு, “எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்” என்றார். லெட்டரில் என்ன எழுதினால் சம்மதிப்பார்?

பதில்:

“எழுதிக் கொடுங்க” என்று ஓனர் சொன்னால், முன்பு இருந்த வாடகைதாரர் யாரோ சுவரையோ மாடியையோ கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். பதினைந்து வருடமாகக் கடைகளுக்கு ஒயரிங்கும் உள்வேலையும் செய்துவருகிறேன். டிவியே வேண்டாம் என்று சொன்ன ஓனரை நான் பார்த்ததில்லை. அவர்களுக்குப் பயமெல்லாம் சுவர், மொட்டை மாடி, நீங்கள் காலி செய்யும் நாள் இந்த மூன்றைப் பற்றித்தான். “டிவி மாட்டவும் கேபிள் இழுக்கவும் அனுமதி வேண்டும்” என்று ஒற்றை வரியில் கொடுத்தால் இந்த மூன்றுக்கும் அதில் பதில் இருக்காது. “கேபிள் இழுக்க” என்று படித்ததுமே அவர் மனதில் சுத்தியலும் உளியும் வந்துவிடும்.

அதனால் லெட்டரை எழுதுவதற்கு முன்பே வேலையைச் சின்னதாக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் திட்டத்தில் சுவரைக் கொத்துவது, மாடியில் டிஷ் வைப்பது என்று இரண்டு பெரிய விஷயங்கள் இருக்கின்றன. இரண்டையுமே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் டிஷ். நம் ஊர் மொட்டை மாடிகளில் காங்கிரீட் தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஒரு அடுக்கு போட்டு, அதற்கு மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். மழைநீர் உள்ளே இறங்காமல் காப்பது அந்த அடுக்குதான். டிஷ் மாட்ட வருகிற பையன் அதில் நாலு ஓட்டை போட்டு போல்ட் முறுக்கிவிட்டுப் போய்விடுவான். ஐப்பசி மழையில் அந்த நாலு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, ஓனர் வீட்டுப் படுக்கையறை மேற்கூரையில் ஈரத்திட்டு வரும். மேல்மாடியில் குடியிருப்பவரே ஓனர் என்பதால் நனைவது அவர் வீடுதான். டிஷ் வைத்தே ஆக வேண்டும் என்றால் கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில் பிராக்கெட் போட்டு மாட்டுங்கள், அல்லது தரையைத் துளைக்காமல் கனமான காங்கிரீட் கட்டையில் நிறுத்துங்கள். ஆனால் கஃபேயில் ஏற்கெனவே ஃபைபர் இணைய இணைப்பு இருந்தால் டிஷ் இல்லாமலே ஓட்டிவிடலாம். அப்போது மாடிப் பேச்சே லெட்டரில் வராது, பாதி மறுப்பு அங்கேயே காணாமல் போகும்.

(இது ஓனர் விஷயமல்ல, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கான டிடிஎச் இணைப்பையோ தனிநபர் ஓடிடி சந்தாவையோ கடையில் வாடிக்கையாளருக்குக் காட்ட அவர்களின் விதிமுறை இடம் கொடுக்காது. வணிக இணைப்பு என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பாட்டுப் போடுவதாக இருந்தால் பாட்டுரிமை அமைப்புகளான ஐபிஆர்எஸ், பிபிஎல் தரும் உரிமங்களையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தது சுவரைக் கொத்துவது. உங்கள் சுவர் எவ்வளவு தடிமன் என்று வாசல் நிலை ஓரத்திலோ படிக்கட்டுப் பக்கம் சுவர் முடிகிற இடத்திலோ டேப் வைத்துப் பாருங்கள். பூச்சோடு சேர்த்துப் பத்து இன்ச் அளவு வந்தால் ஒன்பது இன்ச் சுவர். ஐந்து, ஐந்தரை இன்ச்தான் வருகிறது என்றால் அது நாலரை இன்ச் சுவர், அதாவது செங்கலை ஒற்றை வரிசையாக வைத்துக் கட்டியது. டிவி ஒயரைப் பதிக்கச் சுவரில் நீளப் பள்ளம், அதாவது காடி, எடுக்க வேண்டுமென்றால் ஒரு இன்ச்சுக்கு மேல் ஆழம் வேண்டும். நாலரை இன்ச் சுவரில் அது கிட்டத்தட்ட கால் பங்கு தடிமன். அதுவும் 20 அடிக்குப் படுக்கை வாட்டத்தில் வெட்டினால் சுவரின் நடுவே ஒரு பலவீனமான கோடு விழுந்துவிடும். ஒன்பது இன்ச் சுவரென்றால் ஆபத்து குறைவுதான், ஆனாலும் அழகு கெடும். காடியை மூடிய சிமென்ட் காயும்போது சுருங்குவதால், சில மாதத்தில் ஒயர் போன வழி முழுவதும் முடி போல விரிசல் ஓடும். கோழி வலை வைத்துப் பூசினால் விரிசல் குறையும். ஆனால் வாடகைச் சுவரில் அவ்வளவு பொறுமையாகப் பூசுகிற கொத்தனார் கிடைப்பது அரிது.

இதற்கு மாற்று கேசிங் கேப்பிங். சுவரின் மேல் ஒட்டினாற்போல ஓடும் பிவிசி பட்டைதான் அது. மூடியைக் கழற்றினால் ஒயரை மாற்றலாம், காலி செய்யும்போது பட்டையையும் கழற்றிக்கொண்டு போகலாம். மேற்கூரையும் சுவரும் சேரும் மூலையை ஒட்டிக் கொண்டுபோய், டிவிக்கு நேர் மேலே வந்ததும் கீழே இறக்கி, சுவரின் நிறத்தையே அதற்கும் அடித்துவிட்டால் டீ குடிக்க வருகிறவர் கண்ணில் அது படாது.

சுவரில் ஓடும் ஒயரைக் குறைக்கவும் ஒரு வழி உண்டு. செட்டாப் பாக்ஸைக் கவுன்டரில் வைத்து அங்கிருந்து டிவிக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள் இழுப்பதுதான் பலரும் செய்வது. 20 அடி நேர்த்தூரம் என்றால் மூலைவழி ஏறி இறங்கும்போது 30 அடிக்கு மேல் கேபிள் தேவைப்படும். சாதாரண ஹெச்டிஎம்ஐ கேபிள் அவ்வளவு நீளத்தில் 4கே படத்தை ஒழுங்காகக் கடத்தாது; படம் விட்டுவிட்டு வரும், சமயத்தில் கறுப்பாகிவிடும். அதன் முனையும் அகலமானது, முக்கால் இன்ச் பைப்பில் நுழையாது. அதற்குப் பதில் செட்டாப் பாக்ஸையோ, இணையம் வழியே படம் காட்டும் ஸ்டிக்கையோ டிவியின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். அப்போது சுவரில் ஓட வேண்டியவை கரண்ட் ஒயரும் ஒரு லேன் கேபிளும் மட்டுமே. லேன் கேபிளை இழுத்த பிறகு முனை அடித்துக்கொள்ளலாம் என்பதால் மெல்லிய பட்டை போதும். வைஃபை அங்கே நன்றாக எடுக்கிறது என்றால் அதுவும் வேண்டாம். கரண்டையும் லேன் கேபிளையும் ஒரே பட்டைக்குள் மட்டும் திணிக்காதீர்கள். பாதுகாப்புக்காக இரண்டையும் தனித்தனிப் பட்டையில், சில இன்ச் இடைவெளி விட்டுக் கொண்டுபோக வேண்டும்.

இனி ஓட்டைக் கணக்கு. 55 இன்ச் டிவி ஏறக்குறைய நாலு அடி அகலம், இரண்டேகால் அடி உயரம். ஸ்டாண்டோடு சேர்த்து 20 கிலோவுக்குள்தான் இருக்கும், செங்கல் சுவருக்கு அது ஒரு பாரமே இல்லை. சாயும் வகை ஸ்டாண்டை எடுங்கள். முன்னால் இழுத்துத் திருப்புகிற கை வைத்த ஸ்டாண்டு வேண்டாம். கையை நீட்டினால் அதே எடை நெம்புகோல் மாதிரி மேல் ஸ்க்ரூவைப் பிடுங்கப் பார்க்கும். டிவியின் அடி விளிம்பு ஐந்தரை அடி உயரத்தில் இருந்தால் எழுந்து நடப்பவர் தலை பெரும்பாலும் இடிக்காது, உட்கார்ந்திருப்பவருக்கும் கொஞ்சம் கீழே சாய்த்து வைத்தால் சரியாகத் தெரியும். ஸ்டாண்டுக்கு ஆறு ஓட்டை போதும். ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர் அகலம், 60 மில்லிமீட்டர் ஆழம். பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் நாலு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால்தான் ஸ்க்ரூவுக்காக ஓட்டையில் செருகும் பிளக் பிடிக்கும். நாலரை இன்ச் சுவரிலும் இந்த ஆழம் பின்பக்கம் வராது.

ஆறு ஓட்டையை எங்கே போடக் கூடாது என்பது இன்னும் முக்கியம். ஒன்று, காங்கிரீட் தூணிலும் பீமிலும். டிரில்லில் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் கெட்டியாக வந்து பிட் இறங்க மறுத்தால் தூண், உடனே நிறுத்திவிட வேண்டும். வெள்ளைத் தூள் மாவு மாதிரிக் கொட்டினால் அது ஏஏசி பிளாக் என்கிற எடை குறைந்த சிமென்ட் கல். சாதாரண பிளக் அதில் பிடிக்காது, அதற்கென்றே உள்ளதை வாங்க வேண்டும். இரண்டாவது, சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும். உள்ளே ஒயர் அந்தக் கோட்டில்தான் பெரும்பாலும் ஓடும். மூன்றாவது தண்ணீர்க் குழாய், அது வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. ஒரு பேக்கரியில் நான் ஒருமுறை மாட்டியபோது, நாலாவது ஓட்டையில் தூள் ஈரமாக வந்தது. என்ன என்று யோசிப்பதற்குள் தண்ணீர் பீய்ச்சியது. மேல்மாடிக் குளியலறைக்குப் போகும் குழாய் அந்தச் சுவருக்குள் ஏறியிருக்கிறது. ஓனரை முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், ஏனென்றால் கட்டியவரே அவர்தான். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை லெட்டரிலேயே வைக்கச் சொல்கிறேன். அதில் இன்னொரு லாபமும் உண்டு. தன் கட்டடத்தைப் பற்றித் தன்னிடமே கேட்கிறான் என்று தெரிந்தால் மனிதர் கொஞ்சம் இளகுவார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், லெட்டரில் எழுத வேண்டாம். 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் பிரிவு 108 வாடகைதாரரின் உரிமைகளையும் கடமைகளையும் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, நீங்கள் பொருத்தியதை இடம் உங்கள் வசம் இருக்கும் வரை கழற்றிக்கொண்டு போகலாம், ஆனால் இடத்தை வாங்கிய நிலையிலேயே திரும்பக் கொடுக்க வேண்டும். நிரந்தரமான பாதிப்பு எதையும் உண்டாக்கக் கூடாது. ஆக, டிவியும் பட்டையும் உங்களுடையவை, சுவர் அவருடையது. உங்கள் அக்ரிமென்ட்டை எடுத்து “எழுத்துப்பூர்வ அனுமதியின்றி எவ்வித மாற்றமும் செய்யக் கூடாது” என்கிற மாதிரி வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். இருந்தால் வாய்ச் சம்மதம் போதாது.

அக்ரிமென்ட்டில் ஓனராகக் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதையும் பாருங்கள். வாடகை வாங்குவது மகனாக இருந்து, கட்டடம் அப்பா பெயரில் இருந்தால், லெட்டர் அப்பா பெயருக்குத்தான் போக வேண்டும். மகன் “ஓகே” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியது, நாளை அப்பாவோ அண்ணன் தம்பிகளோ கேட்கும்போது உதவாது.

இப்போது லெட்டர். உங்கள் விவரத்துக்கு நானே எழுதினால் இப்படித்தான் எழுதுவேன். டிஷ், காடி இரண்டையும் விட்டாயிற்று என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அனுப்புநர்: (உங்கள் பெயர், கடையின் பெயர், முகவரி)
பெறுநர்: (ஒப்பந்தத்தில் உள்ள உரிமையாளர் பெயர், முகவரி)
நாள்:

பொருள்: கடையின் உட்சுவரில் டிவி மாட்ட அனுமதி கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கட்டடத்தின் தரைத்தளக் கடையில் (தேதி) நாளிட்ட வாடகை ஒப்பந்தப்படி கஃபே நடத்திவருகிறேன். கவுன்டருக்கு எதிரே, மாடிப்படியை ஒட்டிய சுவரின் உட்புறத்தில் 55 இன்ச் டிவி ஒன்றை மாட்டத் தங்கள் அனுமதியைக் கேட்டு இதை எழுதுகிறேன்.

டிவியும் ஸ்டாண்டும் சேர்ந்து 20 கிலோவுக்குள் இருக்கும். ஸ்டாண்டைப் பொருத்தச் சுவரில் ஆறு ஓட்டைகள் போட வேண்டும். ஒவ்வொன்றும் 10 மி.மீ. அகலம், 60 மி.மீ. ஆழம். தூண், பீம் எதிலும் ஓட்டை போட மாட்டோம். ஒயருக்காகச் சுவரைக் கொத்த மாட்டோம். கவுன்டர் பக்கம் உள்ள பாயிண்டிலிருந்து மேற்கூரை மூலையை ஒட்டி, சுவரின் மேலேயே பிவிசி பட்டையில் கொண்டுவருவோம். பட்டையைப் பொருத்தச் சிறிய ஸ்க்ரூக்கள் மட்டும் போடப்படும். வெளிச்சுவரிலும் மொட்டை மாடியிலும் எந்த வேலையும் இல்லை. மின்சாரம் என் கடை மீட்டரிலிருந்தே எடுக்கப்படும். படிக்கட்டு விளக்கின் பொது இணைப்பைத் தொட மாட்டோம். வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்வார்.

அந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாயோ மறைவான ஒயரோ போகிறதா என்பதைத் தாங்கள் தெரிவித்தால், அந்த இடத்தைத் தவிர்த்துக்கொள்வோம்.

டிவி, ஸ்டாண்டு, ஒயர், பட்டை அனைத்தும் என் பொருட்கள். கடையைக் காலி செய்யும்போது அவற்றை எடுத்துக்கொண்டு, ஓட்டைகளை அடைத்து, அந்தச் சுவர் முழுவதற்கும் என் செலவில் பெயிண்ட் அடித்துத் தருகிறேன். இந்த வேலையால் கட்டடத்துக்குச் சேதம் ஏற்பட்டால் அதையும் என் செலவில் சரிசெய்கிறேன். இரவு 9 மணிக்கு மேல் டிவியின் சத்தம் மேல்மாடிக்குக் கேட்காதபடி வைத்துக்கொள்வேன்.

ஓட்டை போடும் வேலை அரை மணி நேரம்தான். தங்களுக்கு வசதியான நாளையும் நேரத்தையும் சொன்னால் அப்போது வைத்துக்கொள்கிறேன். டிவி வரும் இடத்தையும் ஒயர் வழியையும் குறித்த சுவரின் படம் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து, பெயர்)

உரிமையாளர் சம்மதம்: மேலே சொல்லியுள்ளபடி டிவி மாட்டவும் ஒயர் கொண்டுபோகவும் சம்மதிக்கிறேன்.
(கையெழுத்து, பெயர், நாள்)

கடைசியில் உள்ள சம்மத வரியை விட்டுவிடாதீர்கள். “சம்மதக் கடிதம் எழுதித் தாருங்கள்” என்று கேட்டால் அவர் எழுதப்போவதில்லை. நீங்களே எழுதி வைத்திருந்தால் பேனா எடுத்துப் போட்டுவிடுவார். இரண்டு பிரதி எடுத்துப் போய் இரண்டிலும் கையெழுத்து வாங்கி ஒன்றை அவரிடம் கொடுங்கள். அவர் அப்போது வெளியூர் போயிருந்தால், வாட்ஸ்அப்பில் லெட்டரின் படத்தை அனுப்பி, “படிக்கட்டுப் பக்கச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்” என்று அந்தச் சுவரைக் குறிப்பிட்டுப் பதில் போடச் சொல்லுங்கள். வெறும் கட்டைவிரல் குறி எதற்குச் சம்மதம் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

இணைக்கிற படத்துக்குப் பெரிய வரைபடமெல்லாம் வேண்டாம். செல்போனில் சுவரைப் படமெடுத்து அதன் மேலேயே டிவி வரும் இடத்தில் ஒரு கட்டமும், ஒயர் வழிக்கு ஒரு கோடும் போட்டால் போதும். சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல், ஈரக்கறை, பழைய ஆணி ஓட்டை எல்லாம் தெரியும்படி அதே நாளில் கிட்டத்தில் இருந்தும் நாலு படம் எடுத்து வையுங்கள். காலி செய்கிறபோது அட்வான்ஸில் பிடிக்கப் பார்ப்பது பெரும்பாலும் நீங்கள் போடாத ஓட்டைக்காகத்தான்.

கரண்ட் பில் எகிறுமோ என்று அவர் கேட்கலாம். 55 இன்ச் எல்இடி டிவி 130 வாட் எடுக்கிறது என்று வைத்தாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்தான் வரும், அதுவும் உங்கள் மீட்டரில். உங்கள் காபி மெஷினும் ஃபிரிட்ஜும் எடுப்பதற்கு முன்னால் அது ஒன்றுமில்லை. கூடுதல் அட்வான்ஸ் கேட்டால், சுவர் முழுவதற்கும் பெயிண்ட் அடித்துத் தருவதாக எழுதியிருக்கும் வரியைக் காட்டுங்கள். ஒயரை மறைத்தே தீர வேண்டும் என்று உங்களுக்கு இன்னும் ஆசை இருந்தால், அதை இந்த லெட்டரில் சேர்க்காமல் பிறகு தனியாகக் கேளுங்கள். காடிக்கு “வேண்டாம்” என்று சொல்கிறவர் அதே மூச்சில் டிவிக்கும் சொல்லிவிடுவார்.

சத்தத்தைப் பற்றி ஏன் நாமாகவே எழுத வேண்டும் என்று தோன்றலாம். படிக்கட்டுச் சுவரில் மாட்டுவதால் சொல்கிறேன்: டிவியின் ஸ்பீக்கர் பெரும்பாலும் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்திருக்கும், சத்தம் சுவரில் பட்டுப் படிக்கட்டு வழியாக நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போகும். மேட்ச் நடக்கிற இரவில் கைதட்டலும் சேர்ந்துகொண்டால் மறுநாள் காலை அவர் கீழே இறங்கி வருவார். நேரம் எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்கும் ஒரு பிடி, உங்களையும் ஒன்பது மணி வரை யாரும் குறை சொல்ல முடியாது. டிரில் போடும் நேரம் மட்டும் மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் வேண்டாம். பெரியவர் தூங்குகிற நேரம் அது.

லெட்டரில் எழுதிய ஆறு ஓட்டை, ஏழாகும் நிலை வரலாம். தூண் தட்டி ஒன்றை நகர்த்த நேர்ந்தால், வீணான ஓட்டையை அன்றே வால் புட்டி வைத்து அடைத்துவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டிவி பின்னால் மறைந்துவிடும் என்று விட்டால் கழற்றுகிற அன்று அதுதான் பேச்சாகும்.

சுவர் முழுவதற்கும் பெயிண்ட் என்று எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஓட்டை அடைத்த இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால், அதே டப்பா பெயிண்டாக இருந்தாலும் வருடக்கணக்கில் புகையும் வெயிலும் பட்ட பழைய நிறத்தோடு ஒட்டாது, வட்டம் வட்டமாகத் தெரியும். மூலையிலிருந்து மூலை வரை ஒரே சுவராக அடித்தால்தான் தெரியாது. அதனால் இப்போது சுவரில் உள்ள பெயிண்டின் கம்பெனிப் பெயரையும் ஷேட் எண்ணையும் ஓனரிடம் கேட்டு உங்கள் பிரதியின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நாலு வருடம் கழித்துக் கேட்டால் அவருக்கே ஞாபகம் இருக்காது.